நீக்கிய பொருள் தேடலில் ஏன் இன்னும் வருகிறது?

கேள்வி: எங்கள் ஆன்லைன் கடையில் சுமார் 40,000 பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் எடுத்துவிட்ட பொருள்கள்கூடத் தேடலில் வருகின்றன. சொடுக்கினால் 'பக்கம் இல்லை' என்கிறது. சில பொருள்களுக்குத் தேடலில் ஒரு விலை, உள்ளே வேறு விலை. தளத்தைச் செய்து கொடுத்தவரைக் கேட்டால், "ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்டேட் ஓடுகிறது, அதில் தவறே இல்லை. தினமும் இரவு இண்டெக்ஸை முழுசாகத் திரும்பக் கட்டும் வசதியை வாங்கிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று தனிக் கட்டணம் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை தலையில் கட்டப் பார்க்கிறாரா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இரவு முழுசாகக் கட்டுவது உங்களைப் போன்ற கடைக்குத் தேவைதான். ஆனால் உங்கள் ஐந்து நிமிட அப்டேட்டில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் இரவு வேலையை மட்டும் வாங்கினால், காலையில் தேடல் சுத்தமாக இருக்கும், மாலைக்குள் பழைய கதைதான். அந்த ஓட்டையை அடைப்பது அவர் ஏற்கெனவே விற்ற பொருளைச் சரிசெய்வது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். தேடல் உங்கள் டேட்டாபேஸை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதன் ஒரு நகலை, தேடுவதற்கு வசதியாக அடுக்கிய இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. ஐந்து நிமிட வேலை செய்வது இதுதான்: போன தடவைக்குப் பிறகு மாறிய வரிகள் எவை என்று டேட்டாபேஸைக் கேட்டு, அவற்றை மட்டும் இண்டெக்ஸில் திருத்துவது. பெரும்பாலும் `updated_at` என்ற நேரப் பத்தியை வைத்துத்தான் கேட்பார்கள்.

இப்போது ஒரு பொருளை நீக்குகிறீர்கள். அந்த வரியே டேட்டாபேஸில் இல்லை. 'மாறிய வரிகளைக் கொடு' என்று கேட்டால் இல்லாத வரி எப்படி வரும்? இண்டெக்ஸுக்குச் சேதி போகவே போகாது. செய்து கொடுத்தவர் 'தவறே இல்லை' என்று சொன்னதில் பொய் இல்லை, பாருங்கள். வேலை ஒழுங்காக ஓடுகிறது, லாகில் ஒரு பிழையும் இருக்காது. கேள்விதான் தவறு.

இதற்கு மருந்து எளிது. வரியை அழிக்காமல் `status` பத்தியில் `deleted` என்று குறித்து வைக்க வேண்டும். அப்போது `updated_at` மாறும், அடுத்த ஐந்து நிமிட வேலை அதைப் பார்க்கும், இண்டெக்ஸிலிருந்து எடுத்துவிடும். அப்படிக் குறித்த வரிகளைச் சில வாரங்கள் கழித்து மொத்தமாகத் துடைத்துக்கொள்ளலாம். அன்றிரவே துடைத்தால் மட்டும் மறுபடி அதே சிக்கல் வரக்கூடும்.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று, விலை தனி டேபிளில் இருப்பது. விலை டேபிளில் வரி மாறும்போது பொருள் டேபிளின் `updated_at` அசையாது, அதனால் வேலை கண்டுகொள்ளாது. எந்தெந்த டேபிளிலிருந்து இண்டெக்ஸுக்குத் தகவல் போகிறதோ அத்தனையின் நேரத்தையும் பார்க்க வேண்டும், அல்லது விலை மாறும்போது பொருளின் நேரத்தையும் சேர்த்துத் தட்டிவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. நானே ஒரு முறை இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். சப்ளையர் அனுப்பிய விலைப் பட்டியலை, 900 வரிகள் என்று வைத்துக்கொள்வோம், 10:03க்கு ஏற்றுகிறீர்கள். ஒவ்வொரு வரியிலும் 10:03 என்று நேரம் விழுகிறது. ஆனால் முழுப் பட்டியலும் ஒரே டிரான்சாக்‌ஷன். அது மொத்தமாக டேட்டாபேஸில் உறுதியாவது, அதாவது கமிட் ஆவது, 10:07க்கு. நடுவில் 10:05க்கு வேலை ஓடுகிறது. கமிட் ஆகாததை அது பார்க்க முடியாது. அடுத்து 10:10க்கு ஓடும்போது '10:05க்குப் பிறகு மாறியவை' என்று கேட்கிறது. உங்கள் வரிகளில் இருப்பதோ 10:03. இரண்டு தடவையிலும் மாட்டாமல் 900 வரியும் நழுவிவிட்டன.

இதை அடைக்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னே போய் எடுக்க வேண்டும்:

```sql
SELECT id, status FROM products
WHERE updated_at >= :last_start - INTERVAL 10 MINUTE;
```

பத்து நிமிடம் பின்னே போனால் 10:10 வேலை 9:55 முதல் மாறியதை எல்லாம் எடுக்கும், 10:03 மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே எழுதியதையே திரும்ப எழுதினால் கெட்டுப்போகாதா என்றால், போகாது; அதே `id`யின் மேல் அதே தகவல் விழும், அவ்வளவுதான். உங்கள் மிகப் பெரிய பட்டியலை ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அதைவிட இந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும். அரை மணி பிடித்தால் பத்து நிமிடம் போதாது. இன்னொன்று, `last_start` என்பது போன வேலை தொடங்கிய நேரம். முடிந்த நேரத்தைக் குறித்து வைக்கிறவர்களும் உண்டு. பின்னே போகாமல் எடுத்தால், வேலை ஓடிய அந்த அரை நிமிடத்தில் மாறியது அப்போது போயே போச்சு.

சரி, இதெல்லாம் அடைத்த பிறகும் இரவு வேலை எதற்கு? யாராவது டேட்டாபேஸில் நேரடியாகக் கைவைத்து நேரத்தை மாற்றாமல் விலையைத் திருத்துவார்கள். ஒரு பிரிவின் பெயரை மாற்றினால் மாறுவது ஒரு வரி, ஆனால் அந்தப் பிரிவில் இருக்கும் 3,000 பொருளையும் இண்டெக்ஸில் திருத்த வேண்டும். இப்படி எப்போதாவது கசிவதைத் துடைக்க முழுசாகக் கட்டுவதே மலிவான வழி. 40,000 பொருள் என்பது இதற்குப் பெரிய சுமையும் இல்லை.

ஆனால் அதை எப்படிக் கட்டுகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். இருக்கும் இண்டெக்ஸைக் காலி செய்துவிட்டு நிரப்புவது மோசமான முறை. நிரம்பும் வரை தேடுகிறவருக்குப் பாதிப் பொருள்தான் தெரியும். பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி முடித்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றிவிட வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் இதற்கு ஏலியாஸ் என்ற மாற்றுப் பெயர் உண்டு. கடையின் தேடல் `products` என்ற ஏலியாஸைத்தான் அறியும், அதன் பின்னால் எந்த இண்டெக்ஸ் என்பதை ஒரே கட்டளையில் மாற்றலாம்:

```json
POST /_aliases
{ "actions": [
  { "remove": { "index": "products_a", "alias": "products" } },
  { "add":    { "index": "products_b", "alias": "products" } }
] }
```

இரண்டும் ஒன்றாக நடக்கும், நடுவில் தேடல் காலியாகும் கணமே இல்லை. கட்டும் நேரத்தில் இரண்டு இண்டெக்ஸுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, சாதாரணமாக யாரும் கவனிக்காதது. இரவு 2:00க்குக் கட்டத் தொடங்கி 2:40க்கு முடிகிறது. ஒரு பொருளை 2:05க்குப் படித்தாகிவிட்டது. 2:13க்கு அதன் விலை மாறுகிறது. 2:15 வேலை அதைப் பழைய இண்டெக்ஸில் ஒழுங்காகத் திருத்துகிறது. 2:40க்குப் பெயர் மாறியதும் மேலே வருவது பழைய விலை. ஐந்து நிமிட வேலை அதைக் கடந்து போய்விட்டதால், மறுநாள் இரவு வரை அப்படியேதான். ஆகவே பெயர் மாற்றியதும் `last_start`ஐ 2:00க்குத் திருப்பி வைத்து ஒரு தடவை ஓட்ட வேண்டும். நடுவில் நீக்கியவையும் இதிலேயே சரியாகிவிடும், வரியை அழிக்காமல் குறித்து வைத்திருந்தால்.

பெயர் மாற்றுவதற்கு முன் ஒரு காவலும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், டேட்டாபேஸ் இணைப்பு பாதியில் அறுந்ததைக் கவனிக்காமல் மூன்றில் ஒரு பங்கு பொருளோடு புது இண்டெக்ஸ் மேலே வந்துவிட்டது. விடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. புது இண்டெக்ஸில் உள்ள எண்ணிக்கை, டேட்டாபேஸில் விற்பனைக்கு இருக்கும் எண்ணிக்கையைவிட நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் மாற்றாமல் நிறுத்திவிட்டு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய இண்டெக்ஸை உடனே அழிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தால், ஏதாவது ஆனால் திரும்பிப் போகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மதியம் உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். ஒரு பொருளின் விலையை மாற்றுங்கள், இன்னொன்றை நீக்குங்கள், ஒரு பிரிவின் பெயரை மாற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தேடுங்கள். முதல் இரண்டும் சரியாக வந்தே ஆக வேண்டும். பிரிவுப் பெயர் மறுநாள் காலைக்குள் வந்தால் நான் ஒப்புக்கொள்வேன்.

அப்புறம், இரவு வேலையிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். பெயர் மாற்றும் முன் பழைய இண்டெக்ஸையும் புதியதையும் `id` வாரியாக ஒப்பிட்டு, எத்தனை பொருள் கூடுதல், எத்தனை விடுபட்டவை, எத்தனை விலை வேறு என்று மூன்று எண்களை எழுதி வைக்கட்டும். வெறும் மொத்த எண்ணிக்கை போதாது. 40 பொருள் விடுபட்டு, நீக்க வேண்டிய 40 தங்கியிருந்தாலும் மொத்தம் அச்சாக ஒத்துப்போகும். இந்த மூன்று எண்களும் தினமும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஐந்து நிமிட வேலை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். தினமும் 200, 300 என்று வந்தால் பகலில் இன்னும் எங்கோ ஒழுகுகிறது, இரவு வேலை அதைத் துடைத்து மறைக்கிறது.

ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாக்கித் தருகிறேன் என்று அடுத்து வருவார். வேண்டாம். முந்தைய வேலை முடிவதற்குள் அடுத்தது தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறும் தொல்லை வரலாம். அதற்குப் பதில், தேடல் முடிவில் ஒரு பக்கத்துக்கு வரும் 20 பொருளின் `id`ஐ இண்டெக்ஸிலிருந்து எடுத்து, விலையையும் இருப்பையும் டேட்டாபேஸிலிருந்தே காட்டச் சொல்லுங்கள். 20 வரியைப் படிப்பது டேட்டாபேஸுக்கு ஒரு வேலையே இல்லை. விலையை வைத்து வடிகட்டுவதும் வரிசைப்படுத்துவதும் ஐந்து நிமிடம் பின்தங்கலாம், ஆனால் கண்ணில் படும் விலை எப்போதும் சரியாக இருக்கும்.