எட்டு சதவீதம் கூட்டிப் போடும் பட்ஜெட்டுக்கு மாற்று என்ன?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு மேலாளராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சென்ற ஆண்டுச் செலவோடு 8 சதவீதம் கூட்டி பட்ஜெட் போட்டுவிடுகிறோம். புதிய இயக்குநர் ஜீரோ பேஸ்டு பட்ஜெட் போடச் சொல்கிறார். எங்கள் ஆடிட்டரோ ரோலிங் பட்ஜெட்தான் சரி என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே செலவுக்கு இரண்டையும் போடாதீர்கள். இயக்குநர் சொல்வது செலவு தேவைதானா என்ற கேள்விக்கும், ஆடிட்டர் சொல்வது நிலவரம் மாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை தருகிறது.

முதலில் வாகன வாடகையை எடுத்துக்கொள்வோம். மாதம் 45,000 ரூபாய் வீதம் மூன்று வேன்களுக்கு ஆண்டுக்கு 16.20 லட்சமும், வெளியில் பிடித்த நடைகளுக்கு 1.80 லட்சமுமாகச் சென்ற ஆண்டு 18 லட்சம் செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறைப்படி வரும் ஆண்டுக்கு 19.44 லட்சம். அந்த 8 சதவீதம் அதிகமா, குறைவா என்றுதான் கூட்டத்தில் பேச்சு நடக்கும். 18 லட்சத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதோடு, மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டு அடிப்படை குறையும் என்று அஞ்சி, துறைகள் மார்ச் மாதத்தில் பணத்தைச் செலவழித்துத் தீர்க்கும். அந்தச் செலவும் அடுத்த ஆண்டின் அடிப்படைக்குள் புகுந்துவிடும்.

இயக்குநர் சொல்லும் ஜீரோ பேஸ்டு முறைப்படி, சென்ற ஆண்டுத் தொகையை மறந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் கேள்வியே வேறு. வேனே இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்? முதல் வேன் இல்லாமல் தையல் பிரிவுக்குத் துணி போகாது. இரண்டாவது இல்லாமல் சரக்கு குறித்த நாளில் கன்டெய்னருக்குச் சேராது. மூன்றாவது வேன், சாயமேற்றும் வேலை தொலைவிலிருந்த பட்டறையில் நடந்த காலத்தில் எடுத்தது. பட்டறை அருகில் மாறிய பிறகு அது மாதத்துக்குப் 12 நடைதான் போகிறது என்று ட்ரிப் ஷீட் காட்டுகிறது. நடைக்கு 2,000 ரூபாய் கொடுத்து வெளியில் வண்டி பிடித்தால் அந்த வேலைக்கு ஆண்டுக்கு 2.88 லட்சமே ஆகும். வேன் வாடகை 47,000 ஆக உயர்ந்தாலும் இரண்டு வேன்களுக்கு 11.28 லட்சம், பழைய வெளி நடைகளுக்கு 1.80 லட்சம், இந்த 2.88 லட்சம் எல்லாம் சேர்த்து மொத்தம் 15.96 லட்சத்தில் முடிகிறது. இப்படி ஒவ்வொரு தேவையையும் அதன் செலவு, அதை விட்டால் நேரும் விளைவு, மாற்றுவழி ஆகியவற்றுடன் தனித்தனித் தாளில் எழுதி, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவதே இம்முறையின் உயிர்.

இதை எல்லாச் செலவுக்கும் எல்லா ஆண்டும் செய்ய முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் உருவாக்கிய இம்முறையை, ஜிம்மி கார்ட்டர் 1977இல் அமெரிக்க மத்திய அரசு முழுவதற்கும் கொண்டுவந்தார். 1981இல் ரீகன் அரசு அதைக் கைவிட்டது. தாள் வேலையின் பெருஞ்சுமை அன்றே குறையாகச் சொல்லப்பட்டது. ஆகவே வாகனம், பாதுகாப்பு, பராமரிப்பு ஒப்பந்தம், பயணம், மாதிரி ஆடைப் பிரிவு போன்ற, நாம் நினைத்தால் மாற்றக்கூடிய செலவுகளில் மட்டும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை எடுத்து முறைவைத்துச் செய்யுங்கள். வட்டி, பி.எஃப். போன்றவற்றுக்கு இது வீண் உழைப்பு. ஒரு துறை தன் குறைந்தபட்சத் தேவை என்று சென்ற ஆண்டுத் தொகையில் 95 சதவீதத்தை எழுதித் தந்தால், அது பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை என்று பொருள். தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நூலுக்கு இது உதவாது. நூல் வேண்டுமா என்ற கேள்வியே அங்கு எழாது. விலை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. காலாண்டுக்கு ஒரு லட்சம் கிலோ, கிலோ 280 ரூபாய் என்று பட்ஜெட் போட்டிருக்கிறீர்கள். ஜூனில் விலை 305ஐத் தொட்டு, இறங்கும் அறிகுறியும் இல்லை. பழைய பட்ஜெட் ஒவ்வொரு காலாண்டு முடிந்த பிறகும் 25 லட்சம் அதிகம் என்று வெறுமனே காட்டும். ரோலிங் பட்ஜெட்டில், ஜூன் காலாண்டு முடிந்ததும் அதைக் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டின் ஏப்ரல்–ஜூன் காலாண்டைக் கடைசியில் சேர்த்து, நான்கையும் புதிய விலையில் மீண்டும் போடுவீர்கள். மார்ச்சுக்குள் 75 லட்சம் கூடுதலாகத் தேவைப்படும் என்பது ஜூலையிலேயே தெரிந்துவிடும். கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தித் தரும்படி வங்கியிடம் கேட்கவும், புதிய ஆர்டர்களுக்குப் புதிய விலை சொல்லவும் அவகாசம் இருக்கும். அடுத்து வரும் காலாண்டை மாதவாரியாகவும் மற்ற மூன்றையும் மொத்தமாகவும் போட்டால் போதும்.

இதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. புதிதாகச் சேர்க்கும் காலாண்டில் முந்தைய காலாண்டின் எண்களே அப்படியே இருந்தால், யாரோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய நோய் வேறு வழியில் திரும்பிவிட்டது. இன்னொன்று, இலக்கும் சேர்ந்து உருளத் தொடங்குவது: விற்பனை குறையும்போதெல்லாம் பட்ஜெட்டும் குறைந்தால், குறைவு யார் கண்ணுக்கும் படாது. அதனால் ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற ஆண்டு பட்ஜெட்டை அப்படியே பூட்டி வைத்து, துறைத் தலைவர்களின் செயல்பாட்டை அதை வைத்தே அளவிடுங்கள். ரோலிங் பட்ஜெட்டை நூல் கொள்முதலுக்கும் பணப்புழக்கத்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

கட்டட வாடகை போல ஒப்பந்தத்திலேயே உயர்வு எழுதியிருக்கும் செலவுகளுக்குச் சதவீதம் கூட்டும் முறை இன்றும் சரிதான். ஆனால் கூட்ட வேண்டியது ஒப்பந்தத்தில் உள்ள சதவீதத்தைத்தான், எல்லாவற்றுக்கும் பொதுவான எட்டை அல்ல.