டயாலிசிஸ் பட்ஜெட்: பொருளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு வேறு கணக்கு

கேள்வி: எங்கள் டயாலிசிஸ் பிரிவில் 10 இயந்திரங்கள், ஒன்றை எப்போதும் மாற்றாக வைத்திருப்போம். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 2 ஷிப்ட். இப்போது 30 நோயாளிகள். புதிதாக வருபவர், விலகுபவர் போக மாதம் ஒருவர் கூடுகிறார். போன வருடச் செலவோடு 10 சதவீதம் சேர்த்துத்தான் பட்ஜெட் போடுகிறோம். வருடக் கடைசியில் டயாலைசர் தீர்ந்துவிடுகிறது, ஓவர்டைம் எகிறுகிறது. வரப்போகும் நோயாளி எண்ணிக்கையோடு பொருளையும் ஆளையும் எப்படி இணைப்பது?

பதில்: முதலில் அந்த 10 சதவீதத்தைப் பார்ப்போம். போன ஆண்டும் மாதம் ஒருவர் வீதம்தான் கூடியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், 18-இல் தொடங்கி 30-இல் முடிந்திருக்கும். சராசரி 24 பேர். இந்த ஆண்டு 30-இல் தொடங்கி 42-இல் முடியும்; சராசரி 36 பேர். அதாவது ஒன்றரை மடங்கு. மாதம் ஒருவர் என்று கேட்கும்போது சின்ன வளர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் வந்தவர் போவதில்லை, வாரம் மூன்று முறை வந்துகொண்டே இருக்கிறார். பட்ஜெட் கிழிந்தது உங்கள் செலவழிப்பால் அல்ல, கணக்குத் தொடங்கிய இடத்தால்.

டயாலிசிஸில் அளவுகோல் நோயாளி அல்ல, அமர்வு. ஒருவருக்கு வாரம் 3 அமர்வு என்றால் ஆண்டுக்கு 156. சராசரி 36 பேருக்கு 36 × 156 = 5,616 அமர்வுகள். இது அட்டவணையில் எழுதப்படும் எண். எல்லாரும் எல்லா நாளும் வருவதில்லை. காய்ச்சல், வேறு மருத்துவமனையில் சேர்க்கை, வாகனம் கிடைக்காத நாள் என்று சில விடுபடும். உங்கள் பதிவேட்டில் ஓராண்டை எண்ணிப் பார்த்து அந்த விகிதத்தை எடுங்கள். இங்கே 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உண்மையில் நடப்பது 5,335. வாரம் இருமுறை மட்டும் வருபவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக எண்ணிச் சேர்க்க வேண்டும். வார்டிலும் தீவிர சிகிச்சையிலும் செய்யும் அவசர டயாலிசிஸை இதில் கலக்காதீர்கள். அதற்கு ஆள் தேவையே வேறு மாதிரி.

இப்போது கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: அட்டவணை 5,616, நடப்பு 5,335. பெரும்பாலான பட்ஜெட்டுகள் இங்கேதான் தவறுகின்றன, ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போட்டுவிடுகிறார்கள். நோயாளி வராத நாளில் டயாலைசர் பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே இருக்கும். ஆனால் அந்த ஷிப்டுக்கு வந்த நர்ஸ் வந்ததுதான். சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே பொருளுக்கு நடப்பு எண், ஆளுக்கு அட்டவணை எண்.

பொருள் பக்கம் எளிது. ஓர் அமர்வுக்கு என்னென்ன ஆகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, அமர்வு எண்ணால் பெருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டயாலைசர் என்றால் அமர்வுக்கு ஒன்று. இடையில் ரத்தம் உறைந்து மாற்றுவது, பொருத்தும்போது வீணாவது என்று 2 சதவீதம் சேர்த்தால் ஆண்டுக்கு 5,442. பிளட் டியூபிங்குக்கும் இதே கணக்கு.

ஊசிக்கு வரும்போது கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபிஸ்டுலா உள்ளவருக்கு அமர்வுக்கு 2 ஊசி. கதீட்டர் உள்ளவருக்கு ஊசியே கிடையாது. அவருக்கு டிரெஸ்ஸிங் செட், மூடி, கதீட்டரில் நிரப்பும் ஹெபாரின் என்று வேறு பட்டியல். 70 சதவீத அமர்வுகள் ஃபிஸ்டுலாவில் நடந்தால் 7,469 ஊசிகளும் 1,600 டிரெஸ்ஸிங் செட்டுகளும் வேண்டும். அந்த விகிதம் 60 ஆகக் குறைந்தால் 6,402 ஊசிகள், 2,134 செட்டுகள். மொத்த அமர்வு ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் ஒரு பக்கம் குவிகிறது, மறு பக்கம் தீர்கிறது. புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பலர் கதீட்டரோடுதான் வருவார்கள். ஃபிஸ்டுலா அமைத்தாலும் அது முதிர்ந்து ஊசி போடும் நிலைக்கு வரச் சில வாரங்களாவது ஆகும். எனவே வளரும் பிரிவில் போன ஆண்டின் விகிதத்தை அப்படியே எடுத்தால் கதீட்டர் பொருள்களில்தான் முதலில் இடிக்கும்.

பட்டியலில் எழுதும் அளவு, புத்தகத்தில் இருக்கும் அளவா, ஸ்டோர்ஸில் இருந்து போகும் அளவா என்பதையும் பாருங்கள். பார்ட் ஏ கரைசலை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் டயாலிசேட். 1 பங்கு பார்ட் ஏ, 1.83 பங்கு பார்ட் பி, 34 பங்கு தண்ணீர் என்று கலக்கும் இயந்திரத்தில் அதற்கு ஏறக்குறைய 3.3 லிட்டர் பார்ட் ஏ ஆகும். தொடங்கும் முன் ஓடுவதையும் சேர்த்தால் 3.5 என்று வைக்கலாம். நான் கணக்குப் பார்த்த ஒரு பிரிவில், மூன்று மாதம் ஸ்டோர்ஸ் கொடுத்த மொத்தத்தை அந்த மூன்று மாத அமர்வுகளால் வகுத்தபோது 4.2 வந்தது. யாரும் திருடவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கேனைத் தூக்கிப் பார்த்தோம்; அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம். அடுத்த நோயாளிக்கு நடுவில் தீர்ந்து அலாரம் அடிக்கக் கூடாதே என்று புதுக் கேன் வைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், மிச்சங்களை ஒன்றாக ஊற்றிச் சேர்க்கவும் கூடாது. எனவே பட்ஜெட்டில் 4.2-ஐத்தான் போட வேண்டும். வேறு கொள்ளளவுள்ள கேன் கிடைத்தால் குறைக்கலாமா என்பது தனி வேலை. குறைந்த பிறகு எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, வருடக் கடைசிப் பற்றாக்குறை. ஆண்டுத் தேவையான 5,442 டயாலைசரைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினால் ஒவ்வோர் அரையாண்டுக்கும் 2,721 வரும். உண்மையில் முதல் அரையாண்டில் சராசரி 33 பேர், இரண்டாவதில் 39 பேர். தேவை முறையே 2,494, 2,948. முன்பாதியில் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். அதைப் பார்த்து யாராவது வேறு தலைப்புக்கு மாற்றிவிடுவார்கள். பின்பாதியில் 227 குறையும், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத் தேவை. மொத்தம் சரியாக இருந்தும் பற்றாக்குறை வருவது இப்படித்தான். ஒதுக்கீட்டை மாதவாரியாக, நோயாளி எண்ணிக்கை ஏறும் வரிசையிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஆள் கணக்கு வேறு. பொருள் ஒவ்வோர் அமர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆள் தேவை நாள்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு படி ஏறும். உங்கள் 9 இயந்திரங்கள், 2 ஷிப்ட், திங்கள்-புதன்-வெள்ளி, செவ்வாய்-வியாழன்-சனி என்று இரண்டு குழுக்கள்: 9 × 2 × 2 = 36 நோயாளிகளுக்குத்தான் இடம். 6-ஆம் மாத இறுதியில் 36 நிரம்பிவிடும். 7-ஆம் மாதம் 37-ஆவது நபர் வரும்போது மூன்றாவது ஷிப்ட் திறந்தாக வேண்டும். ஆண்டு முடியும்போது 42 பேர்தான் என்பதால் அதை ஒரு குழுவின் மூன்று நாள்களில் மட்டும் திறந்தால் போதும். 45 பேர் வரை தாங்கும்.

மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் அல்லது டெக்னீஷியன் என்று வைத்து மணிகளை எண்ணுவோம். உங்கள் பிரிவின் விகிதம் வேறானால் அதைப் போடுங்கள். ஷிப்ட் ஒன்றுக்கு 3 பேர், இயந்திரம் தயார் செய்வதில் இருந்து கிருமிநீக்கம் வரை 6 மணி நேரம். வாரம் 12 ஷிப்ட் என்றால் 216 மணி, ஆண்டுக்கு 11,232. வாரம் 40 மணி வேலை என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,080 மணிக்குச் சம்பளம் போகிறது. 2,080-ஆல் வகுத்தால் 5.4 பேர் போதும் என்று வரும். ஆனால் விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் போக 85 சதவீதம்தான் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நேரம் என்றால் 1,768 மணி. அதால் வகுத்தால் 6.35 பேர். நடுவில் உள்ள ஏறக்குறைய ஓர் ஆள்தான் உங்கள் ஓவர்டைம். அதைப் பட்ஜெட்டில் எழுதாவிட்டாலும் செலவு வந்தே தீரும், மாதக் கடைசியில் கையெழுத்துக்கு வரும் ஓவர்டைம் தாளாக. 6 பேரை நிரந்தரமாக வைத்து, மிச்சமுள்ள 624 மணியைப் பகுதிநேர ஆளுக்கோ திட்டமிட்ட கூடுதல் ஷிப்டுக்கோ ஒதுக்கலாம்.

மூன்றாவது ஷிப்டுக்கு ஆறு நோயாளிகள் வரை 2 பேர். தொடக்கத்தில் ஒரே ஒரு நோயாளிதான் இருப்பார். அப்போதும் 2 பேர்தான் வேண்டும். ஒருவர் கழிவறைக்குப் போன நேரத்தில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால் பார்க்க ஆள் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 3 நாள், 2 பேர், 6 மணி: வாரம் 36, அரையாண்டுக்கு 936 மணி. ஒருவர் அரையாண்டில் தருவது 884 மணி என்பதால் ஏறக்குறைய ஓர் ஆள் கூடுகிறது. ஆள் எடுத்துப் பழக்க மூன்று மாதம் ஆகும் என்றால் அவருடைய சம்பளம் 4-ஆம் மாதமே தொடங்கும். அந்த மாதங்களில் அவருக்கு எதிராக ஓர் அமர்வுகூட இருக்காது. நிதிப் பிரிவு கேள்வி எழுப்பும் இடம் இதுதான். படி எந்த மாதம் வருகிறது, அதற்கு முன் ஏன் செலவு தொடங்குகிறது என்று பட்ஜெட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளி ஒருவர் சேர்ந்தால் அவருக்குத் தனி அறையும் தனி இயந்திரமும் போய்விடும். 36 என்ற கூரை தாழ்ந்து படி முன்னதாகவே வரும்.

ஆண்டு நடுவில் விலகல் வந்தால் மூலப் பட்ஜெட்டோடு ஒப்பிடாதீர்கள். நடந்த அமர்வுகளுக்கு ஏற்பத் திருத்திய பட்ஜெட்டோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் காலாண்டில் 1,389 அமர்வுக்கு 1,417 டயாலைசர் ஒதுக்கியிருக்கிறீர்கள்; 1,560 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 143 கூடுதல். ஆனால் நடந்த அமர்வுகள் 1,470. அதற்கு 1,499 ஆகத்தான் வேண்டும். ஆகவே அமர்வுகள் கூடியதால் ஆனது 82 டயாலைசர்; அதற்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை, கூடுதல் ஒதுக்கீடு கேட்க வேண்டும். மிச்சம் 61-க்குத்தான் விளக்கம் வேண்டும். டயாலைசர் மாற்றிய பதிவுகளை எடுத்து, எந்த நோயாளி, எந்த ஷிப்ட் என்று பிரித்துப் பாருங்கள். சில கதீட்டர் நோயாளிகளிடம் மட்டும் குவிந்திருந்தால் கதீட்டரில் ரத்த ஓட்டம் சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரே ஷிப்டில் குவிந்திருந்தால் அங்கே ஹெபாரின் கொடுக்கும் நேரத்தையும், டயாலைசரில் காற்று போக நிரப்பும் முறையையும் அருகில் நின்று பாருங்கள். எங்கும் குவியாமல் பரவியிருந்தால் ஸ்டோர்ஸ் இருப்பை எண்ண வேண்டும். பிரிக்காத பெட்டி ஒன்று இயந்திரங்களுக்குப் பின்னால் இருக்கக்கூடும்.