சென்னை இரவில் ரேடியோ கைக்கடிகாரம்: கேள்வியும் பதிலும்

கேள்வி (வேளச்சேரி): ஐயா, ஜப்பானிலிருந்து மாமா வாங்கி வந்த ரேடியோ வாட்ச் வீட்டுக்குள் ஒரு நாள்கூட சிக்னல் பிடிக்கவில்லை. ஜன்னல் ஓரம் வைத்தாலும் ERR என்றே வருகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கடிகாரத்தில் குறை இருக்காது, தூரத்தில்தான் இருக்கும். இந்தக் கடிகாரம், தொலைவிலுள்ள நிலையம் நெட்டலை வானொலி வழியே அனுப்பும் நேரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. அது பிடிக்கக்கூடிய நிலையங்களில் சென்னைக்கு மிக அருகிலுள்ளது சீனாவின் ஷாங்சியூவில் 68.5 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் BPC ஆகும். அது இங்கிருந்து ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜப்பானின் க்யூஷூ நிலையம் 5,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடிகாரக் கையேடுகளோ சீன நிலையத்துக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வரைதான் உறுதி சொல்கின்றன. ஆகவே இங்கு வந்து சேரும் அலை மிக மெலிந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

அந்த மெலிந்த அலையை வீடு இரண்டு வழிகளில் கெடுக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையும் ஜன்னல் கிரில்லும் அதை மேலும் தளர்த்துகின்றன. அதைவிடப் பெரிய கேடு வீட்டுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சல் ஆகும். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் ஆகியவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைப்பதால், கடிகாரம் கேட்க முயலும் அதே அலைவரிசைப் பகுதியில் அவையும் சேர்ந்து இரைகின்றன.

இதைக் காதாலேயே சோதித்துவிடலாம். பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை நிலையம் ஏதுமில்லாத கீழ்க்கோடிக்கு, அதாவது 530 கிலோஹெர்ட்ஸ் பக்கம், திருப்பி, கடிகாரம் வைக்கும் இடத்தில் பிடியுங்கள். உறுமலும் சீறலும் கேட்டால் சார்ஜர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் சத்தம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கியும் அடங்கவில்லை என்றால் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று பொருள். அப்போது மொட்டை மாடிதான் வழி.

கேள்வி (மடிப்பாக்கம்): செட்டிங்கில் ஊரை டெல்லியைக் குறிக்கும் DEL என்று சரியாக வைத்து, தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பட்டனை அழுத்துகிறேன். நள்ளிரவு முதல் 5 மணி வரைதான் தேடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே?

பதில்: கையேட்டை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், ஆனால் அதில் சொல்லும் நேரம் கடிகாரத்தில் வைத்துள்ள ஊரின் நேரம். உங்கள் முயற்சி வீணாவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, DEL. இந்தியாவில் இந்தக் கடிகாரங்கள் பிடிக்கக்கூடிய நெட்டலை நிலையம் இல்லாததால், சொந்த ஊராக DEL இருக்கும்போது பல மாடல்கள் தேடவே தேடுவதில்லை. பட்டனை அழுத்தினாலும் அசையாது. சொந்த ஊரை ஹாங்காங்கைக் குறிக்கும் HKG என்று மாற்றுங்கள். கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். உலக நேரப் பகுதியில் DEL வைத்து நம் நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம். பகலில் அயனி மண்டலத்தின் அடியடுக்கு இந்த அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கு கரைய, அலை இன்னும் உயரத்திலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வருகிறது. ஆகவே நமக்கு இருட்டியிருந்தால் மட்டும் போதாது. ஷாங்சியூவிலிருந்து சென்னை வரை வழி நெடுக இருட்டாக இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே 5 மணியைச் சற்றுத் தாண்டியதும் விடிந்துவிடுகிறது. அது நமக்கு இரவு இரண்டரை மணி கடந்த நேரம். மேலும் சீன நேரம் 5 மணிக்கு மேல் சில மணி நேரம் அந்நிலையம் ஒலிபரப்பையே நிறுத்தி வைக்கிறது. நீங்கள் 4 மணிக்கு அழுத்தும்போது அங்கே 6:30. கேட்பதற்கு எதுவுமே இல்லை. நம் நேரப்படி இரவு 10 மணிக்கும் 1:30-க்கும் இடையே முயலுங்கள். HKG வைத்துவிட்டால் தானாகத் தேடும் நேரமும் நம் இரவு 9:30 முதல் 2:30 வரை என்று பொருந்திவிடுகிறது.

தேடவைக்கும் முறை இதுதான். கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றி, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல், தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்திலிருந்து தள்ளி வையுங்கள். கடலைப் பார்த்து நின்று இடப்பக்கம் பாதி திரும்பினால் வடகிழக்கு. 12 என்ற எண் அத்திசையைப் பார்க்கட்டும். பல மாடல்களில் உள்ளே ஆன்டெனாவான ஃபெரைட் கம்பி 12-ஐ ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் பக்கவாட்டில் வரும் அலையைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். தேடல் பட்டனை RC! என்று தெரியும்வரை சுமார் இரண்டு நொடி அழுத்திவிட்டு விலகிவிடுங்கள். ஏழு நிமிடம், சில வேளை பதினான்கு நிமிடம்கூட ஆகலாம். நடுவில் எடுத்துப் பார்த்தால் தேடல் கெட்டுவிடும்.

கேள்வி (அண்ணா நகர்): இது ஜி.பி.எஸ். சிக்னல்தானே? மாடிக்குப் போனால் போதாதா?

பதில்: இல்லை. அது வேறு வகைக் கடிகாரம். உங்களுடையதன் பின்மூடியில் எந்த வகை என்று பாருங்கள்.

கேள்வி (கிழக்குத் தாம்பரம்): நீங்கள் அவநம்பிக்கை ஊட்டுகிறீர்கள். என் தம்பியின் கடிகாரம் எங்கள் மாடியில் சென்ற மார்கழியில் இருமுறை சிக்னல் பிடித்தது. நேரம் நொடி பிசகவில்லை.

பதில்: முடியாது என்று நான் சொல்லவில்லை. திருவான்மியூரில் என் மாடியில் பல இரவுகள் முயன்றிருக்கிறேன். பதினொன்றரை மணி வாக்கில் சிக்னல் வலிமையைச் சொல்லும் அளவு காட்டி L2 வரை ஏறியதைக் கண்டிருக்கிறேன். ஆனால் நேரத்தைப் பெற்றுவிட்டது என்று காட்டும் GET ஒருமுறைகூட வரவில்லை. நேரத் தகவல் பிழையின்றி அடுத்தடுத்துச் சில முறை வந்து ஒத்துப்போனால்தான் கடிகாரம் ஏற்றுக்கொள்ளும். ஏறி இறங்கும் அலையில் அந்தத் தொடர்ச்சிதான் அறுந்துபோகிறது. நொடி பிசகாமல் இருப்பது மட்டும் சான்றாகாது. சாதாரண குவார்ட்ஸே மாதத்துக்கு 15 நொடிதான் விலகும், சில நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. கடைசியாகப் பெற்ற தேதியும் மணியும் கடிகாரத்தில் பதிவாகியிருக்குமே, அது என்ன காட்டியது?

கேள்வி (கொல்கத்தாவில் வசிக்கும் தமிழர்): இங்கே எனக்குக் குளிர்காலத்தில் கிடைக்கிறது. தாம்பரம்காரர் சொல்வதை நம்புகிறேன்.

பதில்: கொல்கத்தா அந்நிலையத்திலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர்தான். உங்கள் அனுபவத்தை ஐயுற மாட்டேன். ஆனால் அதற்கு மேலும் 1,300 கிலோமீட்டர் கூடும்போது நிலைமை வேறு.

கேள்வி (கிழக்குத் தாம்பரம்): பதிவில் இரவு 2 மணி என்று இருந்ததாகத் தம்பி சொல்கிறான். அப்போது ஊர் எது வைத்திருந்தான் என்று நினைவில்லை.

பதில்: HKG வைத்திருந்தால் அது நம் 11:30, மிகப் பொருத்தமான நேரம்தான். நினைவை மட்டும் வைத்து என்னால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வரும் மார்கழியில் அதே இடத்தில் மீண்டும் வைத்து, பதிவைப் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி (போரூர்): செல்போன் செயலி வைத்தே பொருத்தலாம் என்கிறார்களே?

பதில்: ஆம், சென்னையில் நம்பத்தக்க வழி அதுதான். செயலி 13.333 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலிக்கான மின்சாரம் இயர்போன் கம்பியில் ஓடும்போது அதன் மூன்று மடங்கான 40 கிலோஹெர்ட்ஸ் அலையும் மெலிதாகக் கசிகிறது. அது ஜப்பானின் இன்னொரு நிலையத்தின் அலைவரிசை. சொந்த ஊரை டோக்கியோவைக் குறிக்கும் TYO என்று வைத்து, இயர்போன் கம்பியைக் கடிகாரத்தைச் சுற்றி ஓரிரு சுற்றுச் சுற்றி, ஒலியளவை முழுதாக ஏற்றித் தேடவையுங்கள். செயலியில் நேர வேறுபாடு தரும் வசதி இருந்தால் இந்திய நேரத்தையே அனுப்பச் செய்யலாம். அந்த ஒலியளவில் இயர்போனைக் காதில் வைக்கவே வைக்காதீர்கள். சத்தம் குறைவாகத் தோன்றினாலும் காதுக்குக் கேடு.

கேள்வி (பல்லாவரம்): வாட்ச் வீட்டுக்குள் பிடிக்கவில்லை. ஊர் DEL வைத்திருக்கிறேன்.

பதில்: HKG. மீதியை மேலே வேளச்சேரிக்கும் மடிப்பாக்கத்துக்கும் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): HKG வைத்தேன். பிறகு நம் நேரம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு ஊரையும் இடம் மாற்றிக்கொண்டேன். இப்போது தேடுவதில்லை.

பதில்: இடம் மாற்றியதும் DEL மீண்டும் சொந்த ஊராகிவிட்டது. தேடவிடும் இரவுகளில் மட்டும் HKG-ஐச் சொந்த ஊர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். காலையில் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.