அமுக்கரா சாப்பிட்டால் டென்ஷன் குறையுமா?

"ராயபுரத்தில் இருக்கிறேன், ஹார்பரில் ஷிஃப்ட் வேலை. டென்ஷன், தூக்கமும் சரியில்லை. அஸ்வகந்தா எடுக்கலாமா?"

அஸ்வகந்தா, அதாவது நம்ம அமுக்கரா, எடுக்கலாம், ஆனால் அதிசயம் நடக்காது. 2012-ல் வெளியான ஹைதராபாத் ஆய்வில் 64 பேரில் பாதிப் பேருக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. 60 நாளில் மன அழுத்த மதிப்பெண் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 44 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 5.5 மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்ன ஆய்வு, அடுத்து வந்தவற்றில் பலன் ஏறி இறங்குகிறது. டென்ஷனுக்கென்று விற்கும் மற்ற மூலிகை வேர்களான ரோடியோலா, ஜின்செங்குக்கு ஆதாரம் இதைவிடக் குறைவு.

அப்புறம், ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய சாறு. வண்ணாரப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அமுக்கராப் பொடி அதற்கு ஈடில்லை. சூரணம் என்றால் சுக்கு, மிளகு, சர்க்கரையும் கலந்திருக்கும், சுகர்காரர்கள் கவனிக்கணும்.

சாறு என்றால் எட்டு வாரம் பாருங்கள், தூக்கம் கொஞ்சம் சீராகலாம். நைட் ஷிஃப்ட் தொடர்ந்தால் அதை எந்த வேரும் சரிக்கட்டாது. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம், கர்ப்பிணிகள் வேண்டவே வேண்டாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது: கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.