ஒட்டுகிறது, நுழைவதில்லை: ஆனால் ரோப்1 உள்ளே தெரிகிறது

"சைட்டோகலாசின் டி மருந்தைக் கலந்தபின் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி செல்லின்மேல் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. ஆனால் ரோப்1 புரதத்தின் கறை செல்லுக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மருந்து சரியாக வேலை செய்யவில்லையா?"

மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அது நுழைவுக்கு விசை தரும் ஆக்டின் இழைகளை முடக்குகிறது. ஆனால் ஒட்டுண்ணியின் நுனியிலுள்ள ராப்ட்ரி என்ற சுரப்புப் பை, ரோப்1 உள்ளிட்ட தன் சரக்கைச் செல்லுக்குள் பாய்ச்ச ஆக்டின் தேவையில்லை. ஒட்டுண்ணி வெளியே நிற்கும்போதே அந்தச் சரக்கு உள்ளே சிறு குமிழ்களாகச் சேர்கிறது. நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

அதே பாய்ச்சலில் ராப்ட்ரியின் கழுத்துப் புரதங்களும் போகின்றன. அவற்றில் ஒன்றான ரான்2 செல்லின் சவ்வில் பதிகிறது. மைக்ரோனீம் என்ற இன்னொரு சுரப்புப் பையிலிருந்து வந்து ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் நிற்கும் ஏஎம்ஏ1 புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. தனக்கு வேண்டிய ஏற்பியைத் தானே கொண்டுவந்து பதிக்கிறது இந்த உயிர்! எனக்கு இன்றும் வியப்பூட்டும் இடம் இது. ஆக, ஒட்டுண்ணியையும் செல்லையும் இறுகப் பிணைக்கும் சந்தி உருவாகிவிட்டது, நகரவில்லை. சிவப்பணுவுக்குள் நுழையும் மலேரியா ஒட்டுண்ணி வடிவமான மீரோசோயிட்டும் இம்மருந்தில் இப்படியே சிவப்பணுமேல் சந்தியோடு நின்றுவிடும்.

உறுதிசெய்ய, சந்தியிலுள்ள இன்னொரு கழுத்துப் புரதமான ரான்4-க்குக் கறை போடுங்கள். அது சவ்வின் உட்புறம் இருப்பதால் செல்லைத் துளையிட்ட பிறகே தெரியும். உங்கள் மாதிரியில் ஒட்டுண்ணியின் நுனியில் ஒற்றைப் புள்ளியாக இருக்கும். மருந்தில்லாத மாதிரியில், பாதி நுழைந்தவற்றின் இடுப்பில் வளையமாக இருக்கும். நுழைவு அரை நிமிடத்துக்குள் முடிவதால் வளையம் அரிதாகத்தான் சிக்கும், சீக்கிரமே நிலைப்படுத்துங்கள்.

நுழைவு நின்றது செல்லின் ஆக்டின் முடங்கியதாலா, ஒட்டுண்ணியின் ஆக்டின் முடங்கியதாலா என்ற ஐயத்தை 1996-இல் டோப்ரோவால்ஸ்கியும் சிப்லியும் தீர்த்தார்கள். மருந்தை எதிர்க்கும் செல்லுக்குள்ளும் சாதாரண ஒட்டுண்ணியால் நுழைய முடியவில்லை. எதிர்ப்புள்ள ஒட்டுண்ணியோ சாதாரண செல்லுக்குள் நுழைந்தது.