எங்கே போடுகிறோம், எங்கே வாங்குகிறோம்: ஷாட் வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

எங்கிருந்து ஷாட் போட்டார்கள், எத்தனை விழுந்தது என்று மைதானப் படத்தில் காட்டுவது ஷாட் வரைபடம். கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் அதைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அடுத்த மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் வேண்டாம்.

பயிற்சியாளர் ஒருவர்: சார், எங்கள் டீமின் 20 மேட்சை வீடியோ பார்த்துக் கையால் குறித்தேன். 1,200 ஷாட். அரை மீட்டர் கட்டம் போட்டு எத்தனை சதவீதம் விழுந்தது என்று நிறம் கொடுத்தால் படம் ஒரே கந்தரகோளம். என்ன தப்பு?

கட்டம் ரொம்பச் சின்னது. அரை மைதானம் 14க்கு 15 மீட்டர், அதாவது 210 சதுர மீட்டர். அரை மீட்டர் கட்டம் என்றால் 840 கட்டங்கள். சமமாகப் பங்கிட்டாலே கட்டத்துக்கு ஒன்றரை ஷாட்தான் வரும். நிஜத்தில் பெரிய பங்கு வளையத்தடியில் போய்விடும், மற்ற இடங்களில் ஒன்று இரண்டுதான் மிஞ்சும். ஒரே ஷாட் இருக்கிற கட்டத்தில் அது விழுந்தால் 100 சதவீதம், விழாவிட்டால் 0. நீங்கள் பார்த்த கந்தரகோளம் அதுதான்.

முதலில் கட்டத்தை ஒரு மீட்டருக்கு மேல் பெரிதாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் கற்பனையாக 20 ஷாட்டைச் சேர்த்து, அவை லீக் சராசரிப்படி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கார்னரில் லீக் சராசரி 38 சதவீதம் என்று வைப்போம். 20 ஷாட்டுக்கு 7.6 விழும். இடது கார்னரில் உங்கள் டீம் 5 போட்டு 3 விழுந்தது, அதாவது 60 சதவீதம். வலது கார்னரில் 120 போட்டு 54, அதாவது 45 சதவீதம். இருபதைச் சேர்த்ததும் இடது பக்கம் 25க்கு 10.6, அதாவது 42 சதவீதம். வலது பக்கம் 140க்கு 61.6, அதாவது 44. இப்போது வலதுதான் மேலே. மைதானத்தில் நின்று பார்த்த உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும்?

20 என்பது வேதவாக்கு இல்லை. சீசனின் முதல் பாதியை வைத்து இரண்டாம் பாதியைக் கணித்துப் பாருங்கள். எந்த எண் குறைவாகப் பிசகுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் எண்ணிக்கையையும் காட்டியே ஆக வேண்டும். 2012இல் புவியியலாளர் கிர்க் கோல்ட்ஸ்பெரி என்.பி.ஏ. ஷாட்களுக்குப் போட்ட வரைபடங்களால் பரவிய முறை இதற்கு நல்லது. அறுகோணத்தின் அளவு எத்தனை ஷாட் என்று சொல்லும், நிறம் எவ்வளவு பலன் என்று சொல்லும். ஐந்து ஷாட் இருக்கிற இடம் பொட்டாகத் தெரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

ரசிகர்: என் படத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனை, அதாவது வலது எல்போ பக்கம் ரத்தச் சிவப்பு. அங்கேயே ஆடச் சொல்லலாமா?

எத்தனை ஷாட்?

புள்ளியியல் மாணவி: கட்டமே எதற்கு? ஒவ்வொரு ஷாட்டையும் சுற்றிலும் தேய்த்துப் பரப்புகிற கெர்னல் டென்சிட்டி போட்டால் வழவழவென்று வந்துவிடுமே.

வழவழப்புதான் பிரச்சினை. 6.75 மீட்டர் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே இருந்தால் 2 புள்ளி, ஒரு சாண் வெளியே 3. விவரம் தெரிந்த அணிகள் கோட்டுக்குச் சற்று உள்ளே இருந்து போடுவதைக் குறைத்துவிட்டன. அங்கே ஒரு வெற்று வளையம் தெரிய வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்குத் தேய்த்தால் வெளியே போட்ட ஷாட்டெல்லாம் உள்ளே வழிந்து அந்த வெற்றிடம் மூடிக்கொள்ளும். வளையத்துக்குப் பின்னால் மைதானம் முடிகிற பேஸ்லைனுக்கு வெளியேகூட யாரோ ஷாட் போட்ட மாதிரி காட்டும்.

அதே மாணவி: இரண்டையும் மூன்றையும் தனித்தனியாகத் தேய்த்து, கோட்டில் வெட்டிவிட்டால்?

பாதி சரி. வெட்டி எறிந்த பகுதியோடு அதில் இருந்த ஷாட்டும் போய்விடும். மூன்று புள்ளி ஷாட் கோட்டை ஒட்டித்தான் குவிகிறது, அங்கேயே படம் வெளிறிப்போகும்.

மாணவி: கோட்டைக் கண்ணாடி மாதிரி வைத்து, வெளியே வழிந்ததைத் திருப்பிச் சேர்க்கலாம்.

பேஸ்லைன் நேர்கோடு, அங்கே ஒத்துக்கொள்கிறேன். வளைவிலும், வளைவு நேராகிற கார்னர் முக்கிலும் செய்து காட்டுங்கள், பிறகு பேசலாம்.

முன்னாள் ஆட்டக்காரர்: இரண்டு பேரும் இல்லாத துல்லியத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் மேட்சுகளில் குறிக்கிறவர் மேலே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவர் வைக்கிற புள்ளி அரை மீட்டர் தள்ளியே இருக்கும்.

உண்மை. அதனால்தான் ஒரு ஷாட் இரண்டா மூன்றா என்பதைப் புள்ளி விழுந்த இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது நடுவர் சொன்னது, ஸ்கோர் ஷீட்டில் தனியாக இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஷீட்டை நம்பிப் புள்ளியைக் கோட்டின் சரியான பக்கத்துக்கு நகர்த்துங்கள். மாணவிக்கும் எனக்கும் உள்ள வழக்கு அப்படியே நிற்கட்டும்.

இன்னொரு பயிற்சியாளர்: எதிரணி எங்கள் மேல் போட்டதற்கும் இதே மாதிரி வரைந்தால் போதுமா?

போதாது, நிறத்தின் அர்த்தத்தை மாற்ற வேண்டும். தூரத்து ஷாட் கையை விட்டுப் போன பிறகு விழுவதும் விழாததும் பெரும்பாலும் போட்டவர் பாடு. அதை டிஃபென்ஸின் கணக்கில் எழுதினால் ஒரு மாதம் சிவப்பு, அடுத்த மாதம் நீலம் என்று அலையும். எங்கிருந்து போட விட்டோம் என்பதுதான் டிஃபென்ஸ் கையில் இருக்கிறது. ஆகவே பங்கை வரையுங்கள். எதிரணிகள் போட்ட 1,250 ஷாட்டில் 400 வளையத்தடியில் என்றால் 32 சதவீதம். மற்ற அணிகள் 26தான் விடுகின்றன என்றால் அங்கே சிவப்பு பூசுங்கள். வளையத்தடியில் மட்டும் விழுந்த சதவீதத்தையும் பார்க்கலாம், அங்கே உயரமான ஆள் நிற்பதற்குப் பலன் உண்டு.

ஒரு பொறி இருக்கிறது. ஃபவுல் வாங்கி விழாமல் போன ஷாட் கணக்கிலேயே வராது, ஃப்ரீ த்ரோவாக மாறிவிடும். வளையத்தடியில் அடித்துத் தடுக்கிற டீமின் வரைபடம் அங்கே வெள்ளை வெளேரென்று இருக்கும், ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். படத்தோடு எதிரணி எடுத்த ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையையும் வையுங்கள்.

டேட்டா வேலை பார்ப்பவர்: ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். டேட்டாவில் டீம்கள் பக்கம் மாறுவதால் x நெகட்டிவாக இருந்தால் குறியை மாற்றிவிட்டேன். சரிதானே?

y-ஐ விட்டுவிட்டீர்களே. மைதானத்தைச் சுற்றித் திருப்பினால் இடது வலதும் மாறும். சோதிக்க அலெக்ஸ் ஓவெச்கினின் கோல்களை வரையுங்கள். எதிரணியில் ஆள் குறைந்திருக்கிற பவர் பிளேயில் இடது ஃபேஸ்ஆஃப் வட்டம் அவருடைய இடம். அந்தக் கொத்து இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக வந்தால் நீங்கள் செய்தது இதுதான்.

தவிர, சொந்தப் பாதியிலிருந்து அடித்த பக்கும் உங்கள் முறையில் எதிரணி கோல் பக்கம் போய்விடும். ஒவ்வொரு பீரியடிலும் அந்த டீமின் ஷாட்கள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று பார்த்துத் திருப்புங்கள்:

```python
k = ["game", "period", "team"]
s = np.sign(df.groupby(k)["x"].transform("median"))
df["x"] *= s
df["y"] *= s
```

பிளாக் ஆன ஷாட்டுக்குக் குறிக்கப்படுவது பிளாக் ஆன இடம், அடித்த இடம் அல்ல. அவற்றை நீக்கிவிட்டு வரையுங்கள். இல்லையென்றால் எதிரணி நிஜத்தைவிடக் கிட்டே வந்து அடித்த மாதிரி தெரியும்.

ஹாக்கி ஆட்டக்காரர்: நாங்கள் புல்வெளியில் ஆடுகிறோம் சார். பெனால்டி கார்னரை எப்படித் திருப்புவது?

நான் சொன்னது ஐஸ் ஹாக்கி. உங்கள் ஆட்டத்தில் 14.63 மீட்டர் வட்டத்துக்குள் அடித்தால்தான் கோல், அதனால் அந்த வட்டத்தை மட்டும் பெரிதாக வரையுங்கள். பெனால்டி கார்னரைத் தனிப் படமாக்குங்கள், ஓட்டத்தில் அடித்ததோடு கலக்காதீர்கள். அதற்கு மேல் ஃபீல்டு ஹாக்கி வரைகிற ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

பெயர் சொல்லாதவர்: எந்த நிறம் நல்லது? சிவப்பு, பச்சை?

பலருக்கு அந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலம், ஆரஞ்சு.

இன்னொருவர்: எந்த சாஃப்ட்வேர்?

எதுவும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், படம் கெடுவது சாஃப்ட்வேரால் இல்லை, கட்டத்தில் ஷாட் போதாததால்.

ரசிகர்: நான்தான் சார், வலது எல்போ. எண்ணிப் பார்த்தேன். நாலு.

நாற்பது ஆனதும் வாருங்கள்.