கொல்லம் ஆண்டுப் பத்திரத்தை இன்று எந்த அலுவலகத்துக்கு எடுத்துப் போவது?

“தாத்தா நிலம் வாங்கிய பத்திரம் பெட்டியில் கிடைத்தது. மலையாளத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்தவர், ‘1123 மேடம் 12, திருவிதாங்கூர், கல்குளம் தாலூக்கு, திருவட்டாறு பகுதி’ என்று போட்டிருப்பதாகச் சொன்னார். தாத்தா 1955இல் இறந்தார். அதன் பிறகு எழுதிய ஒரு காகிதத்தில் ‘திருவனந்தபுரம் ஜில்லா’ என்று வருகிறது. நாங்கள் கேரளாவுக்குப் போக வேண்டுமா? மனைவி வீட்டில் ‘புதுக்கோட்டை சமஸ்தானம், திருமயம் தாலுகா’ என்று ஒரு பத்திரம் உள்ளது. அதற்கும் இதே வழிதானா?”

கேரளாவுக்குப் போக வேண்டாம். உங்கள் நிலம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய பத்திரத்தைப் படிக்கும்போது மாநிலப் பெயரையும் ஜில்லாப் பெயரையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாலுகாப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமஸ்தானங்களை இணைத்தபோதும் மாநிலங்களைப் பிரித்தபோதும் பெரும்பாலும் தாலுகா தாலுகாவாகத்தான் எடுத்து வைத்தார்கள். மேலே இருந்த பெயர்கள் மாறிக்கொண்டே போயின, தாலுகா நின்றது.

கல்குளத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பத்திரம் எழுதிய அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து திரு-கொச்சி ஆயின. அதன் தென்கோடித் தாலுகாக்கள் திருவனந்தபுரம் ஜில்லாவில் இருந்தன. உங்கள் இரண்டாவது காகிதத்தில் அந்தப் பெயர் வரக் காரணம் இதுதான். 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் பெயர் சொல்லி எடுத்து, கன்னியாகுமரி என்ற தனி மாவட்டமாக்கிச் சென்னை மாநிலத்தில் வைத்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் 1. அதே பிரிவு கொல்லம் ஜில்லாவிலிருந்த செங்கோட்டைத் தாலுகாவைத் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அங்கே போனது. அதே 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது என்பதையும் நினைவில் வையுங்கள். பாலக்காட்டுப் பத்திரத்தில் ‘சென்னை மாகாணம்’ என்று இருந்தால் அதற்கும் தேட வேண்டிய இடம் சென்னை அல்ல.

தமிழர் பெரும்பான்மை என்று அன்று கேட்கப்பட்ட எல்லாத் தாலுகாக்களும் வந்துவிடவில்லை. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்தில் நின்றுவிட்டன. ஆகவே பத்திரத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகா என்றிருந்தால் எழுதியவர், வாங்கியவர், சாட்சி எல்லாரும் தமிழர்களாக இருந்தாலும் நீங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். பத்திரத்தின் மொழி எந்த மாநிலம் என்று காட்டாது. உங்கள் பத்திரமும் மலையாளத்தில்தானே இருக்கிறது!

அடுத்தது தேதி. 1123 என்பது கொல்லம் ஆண்டு. அது ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில் பிறக்கும். அதனால் சிங்கம் முதல் தனு பாதி வரை 824 கூட்ட வேண்டும், தனு பாதியிலிருந்து கர்க்கடகம் வரை 825 கூட்ட வேண்டும். மேடம் நம் சித்திரை. எனவே 1123உடன் 825 கூட்டினால் உங்கள் பத்திரம் 1948 ஏப்ரல் கடைசி வாரத்தில் எழுதியது என்று வரும். அதே 1123இல் விருச்சிகம் என்றிருந்தால் 1947 நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடைப்பட்ட நாள். எல்லா மாதத்துக்கும் 825 என்று கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒரு வருடம் தள்ளிப்போய், வில்லங்கச் சான்றுக்குக் கேட்கும் காலத்துக்கு வெளியே பத்திரம் விழுந்துவிடும்.

‘பகுதி’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். திருவட்டாறின் ஒரு பாகம் என்று பொருளல்ல. திருவிதாங்கூரில் தாலுகாவுக்குக் கீழே இருந்த வருவாய்ப் பிரிவின் பெயரே பகுதி. இன்றைய வருவாய்க் கிராமத்தின் இடத்தில் அன்று அது இருந்தது. அதற்கும் கீழே தேசம், கரை, முறி என்று ஊர்ப் பெயர் வரும். நிலம் இருக்கும் இடத்தை உறுதிசெய்ய அந்தச் சிறிய பெயர்தான் உதவும். ஆகவே சொத்து விவரத்தை மொழிபெயர்க்கும்போது ஒரு வரியையும் விடாமல் எழுதி வாங்குங்கள்.

கல்குளம் என்று படித்துவிட்டுக் கல்குளத்தில் தாலுகா ஆபீஸைத் தேடாதீர்கள், அது தக்கலையில் இருக்கிறது. விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி, அகஸ்தீஸ்வரத்துக்கு நாகர்கோவில். அதோடு உங்கள் விஷயத்தில் இன்னொரு படியும் சேர்கிறது. நான்கு தாலுகாக்கள் இப்போது ஆறு. விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் பிரிந்தன. எனவே நீங்கள் முதலில் போக வேண்டியது திருவட்டாறு தாலுகா அலுவலகம். ஆனால் பழைய பகுதியின் எல்லையும் புதிய தாலுகாவின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிராமத்தின் பெயரை eservices.tn.gov.in தளத்தில் இரண்டு தாலுகாவிலும் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

அங்கே பத்திரத்திலுள்ள சர்வே எண்ணைச் சொன்னவுடன் அப்படி எண் இல்லை என்றோ, அது வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றோ சொல்வார்கள். பதறாதீர்கள். உங்களிடம் இருப்பது திருவிதாங்கூர் காலத்துச் சர்வே எண். பிறகு மறுஅளவை நடந்த இடங்களில் எண்கள் அடியோடு மாறிவிட்டன. நீங்கள் கேட்க வேண்டியது பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டு விவரம். அலுவலகத்தில் ‘கோரிலேஷன்’ என்றால் புரியும். புதிய எண்ணும் உட்பிரிவும் கிடைத்த பிறகுதான் பட்டாவும் அ-பதிவேடும் பார்ப்பதில் பொருள் உண்டு. பழைய எண்ணை அப்படியே இணையத்தில் போட்டு, வந்த பெயரைப் பார்த்து ‘நிலம் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதும், அந்தப் பட்டாதாரர் மீது புகார் எழுதுவதும் பெரிய தவறு. அவர் நிலம் வேறு, உங்கள் நிலம் வேறாக இருக்கலாம்.

பத்திரத்தின் நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். எந்த அலுவலகம் என்பது பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் இருக்கும். அங்கே பத்திர எண், ஆண்டு, புத்தகம், தொகுதி, பக்கம் ஆகியவை கையால் எழுதப்பட்டிருக்கும். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு இல்லாத எண்ணால் பயன் இல்லை. மனுவில் ‘1948’ என்று மட்டும் எழுதாமல் ‘கொல்லம் 1123 (1948)’ என்று இரண்டையும் எழுதுங்கள். அந்தக் காலப் பதிவேடு கொல்லம் ஆண்டுப்படி இருக்கிறது, தேடுபவர் கையில் எடுக்கப் போவதும் அதைத்தான். tnreginet.gov.in தளத்தில் இவ்வளவு பழைய பதிவு வராது. வரவில்லை என்பதால் பதிவே நடக்கவில்லை என்று ஆகாது. நேரில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

இனி தாத்தா 1955இல் இறந்தார் என்ற விவரம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றிலும் கனமானது அதுதான். ஒரு பிரதேசம் மாநிலம் மாறினால் அதன் சட்டமும் அன்றே மாறிவிடாது. 1956 சட்டத்தின் 119ஆம் பிரிவு, தகுதியான சட்டமன்றம் மாற்றும் வரை பழைய சட்டம் அந்தந்த இடத்தில் அப்படியே செல்லும் என்கிறது. ஆகவே வாரிசு யார் என்பதை இறந்த நாளில், அந்த இடத்தில், அந்தக் குடும்பத்துக்கு நடப்பிலிருந்த சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1955இல் அந்த இடம் திரு-கொச்சி. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 ஜூன் 17 அன்றுதான். எனவே இந்துக் குடும்பமானால் அதற்கு முந்தைய சட்டமும் வழக்கமும்தான் பேசும். உதாரணமாக நாஞ்சில் நாட்டு வேளாளருக்குத் திருவிதாங்கூர் தனிச் சட்டமே இயற்றியிருந்தது.

கிறிஸ்தவக் குடும்பமானால் விடை வேறு. திருவிதாங்கூரின் 1092ஆம் ஆண்டு (1916) கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்குப் பொதுவாக மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அந்தச் சட்டம் திரு-கொச்சியிலும் தொடர்ந்ததா என்பதில் நீதிமன்றங்களே பல ஆண்டுகள் மாறுபட்டன. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்த்தது. அதன்படி 1955இல் உயில் எழுதாமல் இறந்தவரின் மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. மனைவி இருந்தால் அவருக்கு மூன்றில் ஒன்று போக மீதிதான் பிள்ளைகளுக்கு. அத்தைமார்களை விட்டுவிட்டு எழுதிய பழைய பாகப் பத்திரங்கள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. இறப்புச் சான்றில் சரியான தேதி இல்லாமல் வக்கீலிடம் போகாதீர்கள், அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

திருமயம் பத்திரத்துக்கு இவ்வளவு பாடில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று முழுதாகச் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. இடையில் வேறு மாநிலம் வரவில்லை. சமஸ்தானத்தின் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் ஆகிய மூன்று தாலுகாக்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் வைக்கப்பட்டு, 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தன. ஆகவே 1948க்கும் 1974க்கும் இடைப்பட்ட காகிதங்களில் ‘திருச்சி ஜில்லா’ என்று இருந்தால் அது அதே நிலம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்றைய மாவட்டம் பழைய சமஸ்தானத்தைவிடப் பெரியது. அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தது, அங்குள்ள பழைய பத்திரத்தில் சமஸ்தானத்தின் பெயரே இருக்காது. பழைய திருமயத்திலிருந்து பொன்னமராவதி தனித் தாலுகாவாகிவிட்டதால், உங்கள் கிராமம் இந்த இரண்டில் எதில் வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும்.